வரி அறிவித்தலைத் தமிழில் கேட்கலாம், ஆனால் 30 நாள் அதற்காகக் காத்திருக்காது

கேள்வி: ஐயா வணக்கம். இரத்தினபுரியில் சின்னதாக ஒரு ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து பதிவுத் தபாலில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று முழுக்கச் சிங்களம், மற்றது ஆங்கிலம். சிங்களம் நன்றாகப் பேசுவேன், வாசிக்க வராது. ஆங்கிலமும் அப்படித்தான். போன் எடுத்துக் கேட்டதற்கு, வரச் சொன்ன திகதியில் சிங்களம் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். என் கணக்காளர் தானே வந்து பேசுவதாகச் சொல்கிறார், மச்சானும் வரத் தயார். கடிதத்தைத் தமிழில் தாருங்கள், அங்கே மொழிபெயர்க்க ஆள் தாருங்கள் என்று நான் கேட்கலாமா? கேட்டால் கோபப்பட்டு வரியைக் கூட்டிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்து, எழுத்துகளை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் பாருங்கள், ஏனென்றால் அவை எந்த மொழிக் கடிதத்திலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். உங்களுடைய வரி செலுத்துநர் அடையாள இலக்கம், கடிதத் திகதி, 2022/2023 என்பது போல ஒரு வரி மதிப்பாண்டு, ரூபாயில் ஏதாவது தொகை, பிறகு 133, 134, 135 ஆகிய பிரிவு இலக்கங்களில் ஏதாவது ஒன்று. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் இந்த மூன்று பிரிவுகளும் திணைக்களம் தானாகப் போடும் மதிப்பீடுகளைப் பற்றியவை. நீங்கள் விபரத்திரட்டு கொடுக்காதபோது போடுவது 133, முன்கூட்டியே போடுவது 134, கொடுத்ததைத் திருத்தியோ கூட்டியோ போடுவது 135. இவற்றில் ஒன்றும் அருகில் ஒரு தொகையும் கட்டவேண்டிய திகதியும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது மதிப்பீட்டு அறிவித்தல். தொகை எதுவும் இல்லாமல் ஒரு நாளும் நேரமும் மட்டும் இருந்தால் அது விசாரணைக்கு அழைக்கும் கடிதமாக இருக்கும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சிங்களக் கடிதம் அழைப்பு, ஆங்கிலக் கடிதம் மதிப்பீடு என்றுதான் எனக்குப் படுகிறது. ஆண்டையும் பாருங்கள். இரண்டும் ஒரே ஆண்டுக்கு உரியவையாக இருக்க வேண்டியதில்லை, போன ஆண்டுக்கு மதிப்பீடும் இந்த ஆண்டுக்கு அழைப்பும் ஒன்றாக வந்து சேர்வது புதினமில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மதிப்பீட்டை ஏற்காவிட்டால் 139ஆம் பிரிவின் கீழ் ஆணையாளர் நாயகத்திடம் நிருவாக மீளாய்வு கேட்க வேண்டும். எழுத்தில், காரணங்களை விரிவாகச் சொல்லி, உங்களுக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாட்களுக்குள் கேட்க வேண்டும். "எனக்குத் தமிழில் தாருங்கள்" என்று நீங்கள் எழுதிய கடிதம் இந்த 30 நாளை நிறுத்தி வைக்காது. மொழிபெயர்ப்பு வரட்டும், வந்த பிறகு பார்ப்போம் என்று நியாயமாகக் காத்திருந்து, அது வரும்போது 45 நாள் ஓடிப்போயிருந்தால், பிறகு நீங்கள் மொழி உரிமையைப் பற்றி வாதாட வேண்டியிருக்கும், வரியைப் பற்றி அல்ல. அது மிகவும் கஷ்டமான வாதம். வரிச் சட்டங்களில் வடிவக் குறை ஒன்றுக்காக மட்டும் ஓர் அறிவித்தல் செல்லாமல் போகாது என்ற மாதிரியான காப்பு ஏற்பாடுகள் இருப்பது வழக்கம், "எனக்கு விளங்காத மொழியில் வந்தது, ஆகவே செல்லாது" என்று அதன் மேல் கடையை வைத்து விளையாட நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மேலதிகக் காரணமாக எழுதுங்கள், ஒரே காரணமாக எழுதாதீர்கள்.

ஆகவே கடிதம் வந்த உறையை எறிய வேண்டாம், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது. உறையின் மேலேயே கிடைத்த திகதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். ஜூன் 5 கிடைத்தது என்றால் ஜூலை 5 வரை கணக்கு. ஆனால் கடிதத்தில் உள்ள திகதியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் அந்தத் திகதியிலிருந்து எண்ணி, அதற்கும் ஒரு வாரம் முன்னால் உங்கள் சொந்தக் கெடுவை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்றைக்கே ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போய், மதிப்பீட்டின் முதல் பக்கத்தையும் காரணம் சொல்லும் பக்கத்தையும் மட்டும் சொந்தச் செலவில் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். "அரசு தரவேண்டியதை நான் ஏன் காசு கொடுத்துச் செய்ய வேண்டும்" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அரசு தரும் பிரதி உங்கள் உரிமைக்கு, இந்தப் பிரதி உங்கள் 30 நாளுக்கு.

சரி, உரிமைக்கு வருவோம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் 22ஆம் உறுப்புரை. சிங்களம் நிருவாக மொழியாக இருக்கும் பகுதியில் வாழும் ஒருவர் எந்த அரச அலுவலரோடும் தமிழிலோ ஆங்கிலத்திலோ கடிதத் தொடர்பு வைக்கவும், அலுவல் நடத்தவும், அவரிடமிருந்து கடிதம் பெறவும் உரித்துடையவர் என்று அது சொல்கிறது. அதே உறுப்புரையில், அலுவலர் ஒருவர் உங்களுக்குக் கொடுப்பதற்காகத் தயாரிக்கும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழிலோ ஆங்கிலத்திலோ பெறலாம் என்றும் இருக்கிறது. மதிப்பீட்டு அறிவித்தல் இதற்குள் வரும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து இதை வாசிப்பவருக்கு விஷயம் இன்னும் எளிது, அங்கே நிருவாக மொழியே தமிழ், கொழும்பிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் இரண்டு வரியில் திருப்பிக் கேட்டால் போதும். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இரண்டு மொழியும் நிருவாக மொழியாகப் பிரகடனம் செய்யப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே இருப்பவர்கள் அதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருப்பதைக் கவனித்தீர்களா? "தமிழிலோ ஆங்கிலத்திலோ" என்று இருக்கிறதே, நாங்கள் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டோமே, அத்தோடு கடமை முடிந்தது என்று அலுவலகம் சொல்லலாம். சொல்கிறார்கள், நான் கேட்டிருக்கிறேன். இதற்கு விடை அதே வாசகத்தின் பின்பகுதியில் இருக்கிறது. நீங்கள் எந்த மொழியில் தொடர்பு கொண்டீர்களோ அந்த மொழியிலேயே பதில் பெறும் உரித்து உங்களுக்கு உண்டு. அதாவது முதல் கடிதம் யார் எந்த மொழியில் எழுதியது என்பது முக்கியம். இதுவரை உங்கள் பெயரில் அந்தக் கோப்புக்குள் போன எல்லாவற்றையும் உங்கள் கணக்காளர் ஆங்கிலத்தில்தான் அனுப்பியிருப்பார். விபரத்திரட்டு ஆங்கிலம், கடிதங்கள் ஆங்கிலம், கீழே உங்கள் கையெழுத்து. கோப்பைத் திறந்து பார்க்கும் அலுவலர் இவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று நினைப்பதில் என்ன பிழை? உங்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும் என்பதற்கு அங்கே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அந்தக் காகிதத்தைத்தான் இப்போது நீங்கள் போடப் போகிறீர்கள். போனில் கேட்டது கணக்கில் வராது, கவுண்டரில் கேட்டதும் வராது. தமிழில், உங்கள் கைப்பட எழுதினாலும் சரி, இந்த அளவு போதும்:

"உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு. எனது வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இது. இந்தத் திகதியிட்ட, இந்த இலக்கமுள்ள உங்கள் இரு கடிதங்களும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உள்ளன. எனக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி இவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பைத் தருமாறும், இனிவரும் தொடர்புகள் அனைத்தையும் தமிழில் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். குறித்த நாளில் விசாரணைக்கு வருவேன். அன்று நான் தமிழில் பதிலளிக்க வசதியாகத் தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவரை அல்லது உரைபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுமாறும், அன்று இயலாவிட்டால் வேறு திகதி தருமாறும் கேட்கிறேன். இந்தக் கோரிக்கையினால் எனது மீளாய்வு உரிமை எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை."

இதைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இன்னொரு பிரதியைக் கந்தோருக்கு நேரே கொண்டுபோய்த் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். கூடவே, உங்கள் பதிவில் விருப்ப மொழியாக என்ன இருக்கிறது என்று கேட்டு, தமிழ் இல்லை என்றால் மாற்றச் சொல்லுங்கள். பதிவு செய்யும் நாளில் யாரோ அவசரத்தில் எதையோ நிரப்பிவிட்டுப் போயிருப்பார்கள், கடையைப் பதிந்து கொடுத்தவரைக் கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது.

இந்தக் கடிதம் ஒரு தடம். மீளாய்வு விண்ணப்பம் இன்னொரு தடம். இரண்டையும் ஒரே காகிதத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம், ஏனென்றால் வாங்கும் மேசைகள் வேறு, ஒன்று மற்றதற்காகக் காத்திருக்கும். மீளாய்வு விண்ணப்பத்தையும் தமிழிலேயே எழுதலாம். அதில் மொழிக் குறையை ஒரு காரணமாகச் சொல்லிவிட்டு, உண்மையான வரிக் காரணங்களைக் கட்டாயம் எழுத வேண்டும். "விளங்கவில்லை, ஆகவே எதிர்க்கிறேன்" என்று மட்டும் எழுதினால் காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாது. முரண்பாட்டில் உள்ள தொகையின் அறவீட்டை முடிவு வரும்வரை ஒத்திவைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள், கேட்காமல் தானாக நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பு வந்த பிறகு மேலதிக விளக்கம் தரும் உரிமையை வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பிறகு வரும் பிரதியில் புதிதாக ஏதாவது தெரிந்தாலும் எழுத இடம் இருக்கும்.

இப்போது விசாரணை நாள். எனக்கு அதிகக் கவலை இதில்தான், ஏனென்றால் கடிதம் விளங்காவிட்டால் வேறொருவரிடம் வாசித்துக் கேட்கலாம், விசாரணையில் வாயால் சொன்னது எழுத்தில் ஏறிவிட்டால் பின்னால் அதை மாற்றுவது பெரும் பாடு.

கடைத்தெருவில் சிங்களம் பேசுவது ஒன்று, கணக்கு விசாரணையில் சிங்களம் பேசுவது வேறொன்று. "நன்றாகப் பேசுவேன்" என்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், பேசவே தெரியாதவர் குறைந்தது வாயைத் திறக்காமல் இருப்பார். என்னிடம் வந்த ஒரு வியாபாரியின் கோப்பைச் சொல்கிறேன், இடத்தையும் தொகைகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். அவருடைய விபரத்திரட்டில் காட்டிய விற்பனை 71 இலட்சம். வங்கிக் கணக்கில் அந்த ஆண்டு வைப்புகள் 96 இலட்சம். இடையில் 25 இலட்சம் வித்தியாசம், அதைக் கேட்கத்தான் அழைத்தார்கள். அந்த 25இல் 15 இலட்சம் வெளிநாட்டிலிருக்கும் தங்கையின் கணவர் கடனாக அனுப்பியது, வங்கி வழியாகத்தான் வந்தது, ஆதாரம் இருக்கிறது. 6 இலட்சம் சரக்கு வாங்குவதற்காக வங்கியிலிருந்து எடுத்து, சரக்கு வராததால் திரும்பப் போட்ட அவருடைய சொந்தக் காசு. மிச்சம் 4 இலட்சம் உண்மையிலேயே எழுதாமல் விட்ட விற்பனை. அதாவது அவர் பதில் சொல்ல வேண்டியது 4 இலட்சத்துக்கு.

அவரும் மச்சான் மாதிரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். அலுவலர் சிங்களத்தில் கேட்டார், இந்தக் கணக்கில் விழுந்த காசெல்லாம் கடை நடத்துகிற உங்களுடையதுதானே என்று. வியாபாரிக்குக் காதில் விழுந்தது "இது உங்கள் கணக்குத்தானே" என்பது. கூட வந்தவர் இவரைத் திரும்பிப் பார்த்தார், இவர் தலையாட்டினார், அவர் "ஓம், எல்லாம் கடைக் காசு" என்று சிங்களத்தில் சொன்னார். குறிப்பில் ஏறியது: வைப்புகள் அனைத்தும் வியாபார வரவு என வரி செலுத்துநர் ஏற்றுக்கொண்டார். கடைசியில் கையெழுத்து. அலுவலர் மோசம் செய்யவில்லை, கேட்ட பதிலைத்தான் எழுதினார். யாரும் பொய் சொல்லவும் இல்லை. ஆனால் 4 இலட்சத்துக்குப் பதில் 25 இலட்சமும் விற்பனையாக எடுக்கப்பட்டு மதிப்பீடு வந்தது. அது வந்து மீளாய்வு கேட்டபோது, வங்கியின் வரவு அத்தாட்சிகளைக் காட்டி 15ஐ விடுவிப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. 6 இலட்சம்தான் இழுத்தது, எடுத்ததும் போட்டதும் வெவ்வேறு நாட்கள், வெவ்வேறு தொகைகள், அதோடு எதிரே அவருடைய சொந்தக் கையெழுத்துள்ள ஏற்பு. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அந்தக் கோப்பு மிகச் சாதாரணமானது.

இதிலிருந்து உங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: கூட வருபவர் யாராக இருந்தாலும் அவர் எந்த வேலைக்கு வருகிறார் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பிரதிநிதி என்றால் அவர் சொல்வது நீங்கள் சொன்னதாகவே எடுக்கப்படும், அதற்கு உங்கள் எழுத்து மூல அதிகாரமும் வேண்டும். உரைபெயர்ப்பாளர் என்றால் அவர் சொந்தமாக ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, கேள்வியைத் தமிழில் உங்களுக்கு, உங்கள் பதிலைச் சிங்களத்தில் அலுவலருக்கு, அவ்வளவுதான். மச்சான்மாருக்கு இது வராது. உதவ வேண்டும் என்ற அவசரத்தில் தாமே பதில் சொல்லிவிடுவார்கள், அதுவும் உங்களைவிட நன்றாக.

கணக்காளர் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அவர் பிரதிநிதியாக வருவது நல்லது, வரட்டும், கணக்கு அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவரையே உரைபெயர்ப்பாளராகவும் வைக்காதீர்கள். விசாரிக்கப்படுவது அவர் தயாரித்த விபரத்திரட்டு. "இந்தத் தொகையை ஏன் காட்டவில்லை" என்ற கேள்விக்கு உண்மையான பதில் "அந்தப் புத்தகத்தை நான் கொடுத்தேன், அவர் சேர்க்கவில்லை" என்பதாக இருந்தால், அந்தப் பதிலை அவர் எப்படி மொழிபெயர்ப்பார்? உங்கள் கணக்காளரை நான் சந்தேகிக்கவில்லை, அவரை அந்த நிலையில் வைக்க வேண்டாம் என்கிறேன்.

அன்று காலையில் போனதும், முத்திரை குத்திய உங்கள் கடிதப் பிரதியைக் காட்டி, தமிழ் தெரிந்தவர் ஏற்பாடாகியிருக்கிறாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கந்தோரிலேயே தமிழ் பேசும் அலுவலர் ஒருவர் இருப்பார், அல்லது வேறு கிளையிலிருந்து ஒருவரை அழைப்பார்கள், எழுத்தில் முன்பே கேட்டிருந்தால் இது நடக்கக்கூடியதுதான். திடீரென்று அன்றைக்குக் கேட்டால் நடக்காது. யாரும் இல்லை என்றால் சண்டை பிடிக்க வேண்டாம், எழுந்து போகவும் வேண்டாம், வராத ஆளாகக் குறிப்பெழுதிவிடுவார்கள். "வந்திருக்கிறேன், ஆவணங்கள் இதோ, தமிழ் வசதியுள்ள வேறொரு திகதி தாருங்கள்" என்று சொல்லி, கொண்டுபோன ஆவணங்களை ஒரு பட்டியலோடு கொடுத்து, பட்டியலின் பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். அன்றைக்கே வீடு வந்து, இன்ன நேரத்துக்கு வந்தேன், உரைபெயர்ப்பு இருக்கவில்லை, வேறு திகதி கேட்டேன் என்று ஒரு சிறு கடிதம் தபாலில் போட்டுவிடுங்கள்.

விசாரணை நடந்தால், வாக்குமூலமாக எழுதுவதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் சிங்களத்தில் எழுதினால், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், முக்கியமாகத் தொகை வரும் வரிகளையும் "ஏற்றுக்கொண்டார்" என்று முடியும் வரிகளையும். வாசித்துக் காட்டாமல் கையெழுத்து மட்டும் கேட்டால், கையெழுத்துக்கு மேலே தமிழில் உங்கள் கைப்பட "இது எனக்குத் தமிழில் வாசித்து விளக்கப்படவில்லை" என்று எழுதித்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதை எழுதப் போகிறேன் என்று நீங்கள் சொன்னதுமே, அதுவரை கிடைக்காத தமிழ் தெரிந்த ஒருவர் பக்கத்து அறையிலிருந்து வந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். பிழையாக ஏறிவிட்டது என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் மதிப்பீடு வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே எழுத்தில் திருத்துங்கள். முன் சொன்ன வியாபாரி அப்படிச் செய்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

மீளாய்விலும் சரிவராவிட்டால், முடிவு வந்து 30 நாளுக்குள், அல்லது மீளாய்வு கேட்டுச் சட்டம் சொல்லும் காலம் தாண்டியும் முடிவே வராவிட்டால், வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். இது 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது, இருப்பது கொழும்பில். மேன்முறையீட்டோடு வைப்புப் பணம் அல்லது வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், அந்த நேரத்தில் நடைமுறையில் இருக்கும் வீதத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். மொழியைப் பொறுத்தவரை அங்கே உங்கள் நிலை உண்மையில் இன்னும் பலமானது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நடவடிக்கை நடக்கும் மொழி தெரியாத கட்சிக்காரருக்கு உரைபெயர்ப்பையும் சிங்களத்துக்கோ தமிழுக்கோ மொழிபெயர்ப்பையும் அரசு வழங்க வேண்டும் என்கிறது, அதே உறுப்புரை "நீதிமன்றம்" என்பதற்குள் நீதிமுறை சார்ந்த பணி செய்யும் நியாயசபைகளையும் சேர்த்துவிடுகிறது. ஆணைக்குழு அதற்குள் வரும். திணைக்களத்தின் உள்ளே நடக்கும் மீளாய்வும் அதற்குள் வரும் என்று வாதிட இடமிருக்கிறது, ஆனால் அங்கே உங்களுக்கு 22ஆம் உறுப்புரையே போதும் என்பதால் அந்த வாதத்துக்கு நான் நேரம் செலவழிக்கமாட்டேன். ஆணைக்குழுவில் ஆவணங்களும் தீர்மானங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆகவே உரைபெயர்ப்பு வேண்டும் என்பதை மேன்முறையீட்டு மனுவிலேயே எழுதி, விசாரணைத் திகதி குறித்த பிறகு செயலாளருக்குத் தனிக் கடிதமும் போடுங்கள். உங்களுக்காகப் பேச ஒருவர் இருக்கிறாரே, பிறகேன் உரைபெயர்ப்பு என்று கேட்டால், தன் சார்பில் என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும் தேவை கட்சிக்காரருக்கும் உண்டு என்று சொல்லலாம். 24ஆம் உறுப்புரை கட்சிக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் தனித்தனியாகவே சொல்கிறது.

கடிதம் போட்டும் பதிலே இல்லை என்றால்? ஒரு நினைவூட்டல் போடுங்கள், அதற்கும் பதில் இல்லை என்றால் இராஜகிரியவில் பாஷா மந்திரயவில் இருக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவர்கள் விசாரித்துப் பரிந்துரை செய்யலாம், வேண்டுமென்றே மொழிக் கடமையை மீறும் அலுவலருக்குத் தண்டனை ஏற்பாடும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் ஆணைக்குழுவின் ஒரு கடிதம் போனதுமே மொழிபெயர்ப்பு வந்துவிடுவதுதான் வழக்கமான முடிவு. ஆனால் அவர்களால் உங்கள் மதிப்பீட்டில் ஒரு ரூபாயைக் குறைக்கவும் முடியாது, 30 நாளை ஒரு நாள் கூட்டவும் முடியாது. மொழி உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கே போகலாம், அதற்கு ஒரு மாத காலம்தான் இருக்கிறது. ஒரு வரிக் கடிதத்துக்காக அந்தச் செலவை நான் பரிந்துரைக்கமாட்டேன், தொடர்ந்து மறுத்து அதனால் பெரிய பாதிப்பு வந்தால் அது வேறு, அப்போது ஒரு சட்டத்தரணியை உடனே பாருங்கள்.

கோபத்தில் வரியைக் கூட்டுவார்களா என்றீர்கள். மதிப்பீடு எண்ணிக்கைகளின் மேல் நிற்பது, கூட்டினால் அதற்கு எழுத்தில் காரணம் காட்ட வேண்டும், அந்தக் காரணத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் தரச் சொல்லித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், அது உண்மை. மொழிபெயர்ப்புக்கு ஆள் குறைவு, கோப்பு தாமதமாகும், அவர்களுக்கும் மேலிடத்திலிருந்து கெடு இருக்கிறது. அதனால்தான் கடிதத்தை விசாரணைக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் போய்ச் சேரும்படி அனுப்பச் சொல்கிறேன். உங்கள் திகதி எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரத்துக்குள் என்றால் தபாலை நம்ப வேண்டாம், நாளைக்கே கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.